சவ்வூடு பரவல் பாடத்தின் எழுத்துப்படியிலிருந்து கொள்குறி வினாக்கள்: மூன்று வழிகள், எதை எப்போது

முதலாமாண்டு மாணவர்களுக்குச் சவ்வூடு பரவல் நடத்திய ஐம்பது நிமிடப் பாடத்தை போனில் பதிவு செய்து, அதை அப்படியே எழுத்தில் இறக்கி வைத்திருக்கிறேன். நாலாயிரம், ஐயாயிரம் சொற்கள் வரும். அதிலிருந்து இருபது கொள்குறி வினாக்கள் எடுக்க வேண்டும். இதைச் செய்ய மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன். கையில் எழுத்துப்படியை வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று யோசிக்கும் ஆசிரியர்களுக்காக, ஒரே பாடத்தை வைத்து மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன்.

முதல் வழி, எழுத்துப்படியை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்து, வாக்கியத்தைக் கேள்வியாக மாற்றுவது. இரண்டாவது, எழுத்துப்படியைத் தொடுவதற்கு முன்பே எந்தத் தலைப்பில் எத்தனை கேள்வி என்று ஒரு கட்டம் போட்டுக்கொண்டு, பிறகு கட்டங்களை நிரப்புவது. மூன்றாவது, மாணவர்கள் குழம்பிய இடங்களை மட்டும் தேடி எடுத்து, அந்தக் குழப்பத்தையே தவறான விடையாக வைத்துக் கேள்வி எழுதுவது.

வரிசையாக மாற்றுவது வேகமான வேலை. ஒரு மாலையில் நாற்பது கேள்விகூட எழுதிவிடலாம். ஆனால் எழுதி முடித்ததும் நிதானமாகப் பாருங்கள்: பெயரும் ஆண்டும் எண்ணும் உள்ள வாக்கியங்கள்தான் முதலில் கேள்வியாகியிருக்கும். செல்சவ்வில் நீர் செல்லும் வழியான அக்வாபோரின் பற்றிப் பேசும்போது, அதற்காகப் பீட்டர் ஆக்ரேக்கு 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். முழுப் பாடத்தில் அது பத்து விநாடி. ஆனால் வரிசை முறையில் எழுதியபோது, "யாருக்கு", "எந்த ஆண்டு" என்று இரண்டு கேள்விகள் அந்த ஒரு வரியிலிருந்தே வந்துவிட்டன. நீர் எந்தப் பக்கம் நகரும் என்று பன்னிரண்டு நிமிடம் பலகையில் படம் போட்டுப் பேசிய பகுதியிலிருந்து வந்தது ஒரே ஒரு கேள்வி. பேச்சில் விளக்கம் பல வாக்கியங்களில் சிதறிக் கிடக்கும். தகவல் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும். அதனால் இந்த முறை தகவலைத்தான் பிடிக்கும்.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. வகுப்பில் பேசும்போது கையும் பலகையும் சேர்ந்து பேசுகின்றன. எழுத்துப்படியில் வாய் பேசியது மட்டும்தான் இருக்கும். என் எழுத்துப்படியில் ஓரிடத்தில், "தண்ணி அதிகமா இருக்கிற இடத்திலிருந்து கம்மியா இருக்கிற இடத்துக்குப் போகும்" என்று இருக்கிறது. இரண்டு நிமிடம் கழித்து, "செறிவு கம்மியா இருக்கிற பக்கத்திலிருந்து அதிகமா இருக்கிற பக்கத்துக்குத் தண்ணி போகும்" என்று இருக்கிறது. இரண்டுமே சரி. முதல் வாக்கியம் நீரின் அளவைச் சொல்கிறது, இரண்டாவது கரைபொருளின் செறிவைச் சொல்கிறது. பலகையில் கை வைத்துக் காட்டியதால் வகுப்பில் குழப்பம் இல்லை என்று நினைத்தேன். தாளில் படிக்கும்போது இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன. இதில் ஏதாவது ஒரு வரியை எடுத்து "நீர் எங்கிருந்து எங்கே செல்லும்?" என்று கேட்டு, "அதிகச் செறிவிலிருந்து குறைந்த செறிவுக்கு" என்று ஒரு விடை வைத்தால், நன்றாகப் படித்த மாணவி "எதன் செறிவு?" என்று கேட்பாள். கேட்பது நியாயம்.

"உள்ளேயும் வெளியேயும் செறிவு சமமா இருந்தா செல்லுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொன்னதும் இதே வகைதான். 0.9% சோடியம் குளோரைடு கரைசலைக் காட்டிப் பேசியதால் அந்த இடத்தில் அது சரி. அதையே பொதுவாக எழுதினால் தப்பாகிவிடும். சிவப்பணுக்களை 0.3 மோலார் யூரியாவில் போட்டால், மொத்தத் துகள் செறிவு கிட்டத்தட்டச் சமமாக இருந்தும் அவை வெடிக்கும். யூரியா சவ்வைத் தாண்டி உள்ளே போய்விடும், பின்னாலேயே நீரும் போகும். உப்பு அப்படிப் போவதில்லை. முதலாமாண்டுக்கு இந்த நுணுக்கம் தேவையில்லை. ஆனால் கேள்வியில் "சமச் செறிவுள்ள ஒரு கரைசல்" என்று எழுதாமல் "0.9% சோடியம் குளோரைடு கரைசல்" என்று எழுதினால் போதும், கேள்வி எந்தப் பக்கமும் ஓட்டை இல்லாமல் நிற்கும். பேச்சில் சொன்னதைக் கேள்வியாக்கும்போது, அப்போது கண் முன்னால் இருந்த பொருளையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது.

சரி, இரண்டாவது வழி. கட்டம் போடுவது. நான் போட்ட கட்டம் இது: பரவலுக்கும் சவ்வூடு பரவலுக்கும் உள்ள வேறுபாடு 3, நீர் நகரும் திசை 5, விலங்குச் செல் 5, தாவரச் செல் 5, சவ்வும் அக்வாபோரினும் 2. மொத்தம் 20. அப்புறம் இந்த இருபதை இன்னொரு பக்கம் மூன்றாகப் பிரித்தேன். நினைவிலிருந்து சொல்வது 6, புரிந்து சொல்வது 8, புதிய சூழலில் பயன்படுத்துவது 6. 1956-ல் பெஞ்சமின் புளூம் குழு வகுத்த படிநிலைகள் ஆறு. ஐம்பது நிமிடப் பாடம் ஒன்றுக்கு ஆறையும் இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை. மூன்று போதும்.

இந்த முறையின் பலம் உடனே தெரியும். நோபல் பரிசு வரி தானாகவே ஓரத்துக்குப் போய்விடும். அக்வாபோரினுக்கு இரண்டே கட்டம், அதில் ஒன்றை யார் பெயருக்கும் கொடுக்க மனம் வராது. நீர் நகரும் திசைக்கு ஐந்து கேள்வி எழுதியே ஆக வேண்டும் என்பதால் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தையும் திரும்பத் திரும்பப் படிப்போம்.

இது ஏமாற்றும் இடம் "பயன்படுத்துவது" என்ற கட்டம். உலர்திராட்சையைத் தண்ணீரில் போட்டால் ஏன் உப்புகிறது என்று ஒரு கேள்வி எழுதி, அதைப் பயன்பாட்டுக் கட்டத்தில் வைத்திருந்தேன். பார்க்கப் பயன்பாடு போலத்தான் இருக்கிறது. எழுத்துப்படியில் "திராட்சை" என்று தேடிப் பார்த்தேன். முப்பத்தோராவது நிமிடத்தில் அதே உதாரணத்தை நானே விளக்கியிருக்கிறேன். அப்படியென்றால் அது நினைவுக் கேள்வி. வகுப்பில் கேட்டதைத் திருப்பிச் சொன்னால் போதும். அதன் பிறகு பயன்பாட்டுக் கட்டத்தில் எது வந்தாலும், அதில் வரும் பொருளின் பெயரை எழுத்துப்படியில் தேடுவதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். தேடலில் சிக்கினால் அந்தக் கேள்வி இடம் மாறும். எழுத்துப்படி கையில் இருப்பதால் கிடைக்கும் மிகப் பெரிய உதவி இதுதான் என்று சொல்வேன். நினைவை மட்டும் நம்பி கேள்வி எழுதும்போது, வகுப்பில் என்ன உதாரணம் சொன்னோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

திராட்சைக்குப் பதிலாக வைத்த கேள்வி இது. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது நாகப்பட்டினம் பகுதியில் வயல்களுக்குள் கடல்நீர் புகுந்தது. அப்படிக் கடல்நீர் நின்ற வயலில், மண் ஈரமாக இருந்தும் பயிர் வாடுகிறது. ஏன்?

அ) வேர்ச் செல்களிலிருந்து நீர் மண்ணை நோக்கி வெளியேறியது
ஆ) உப்புத் துகள்கள் வேரில் உள்ள துளைகளை அடைத்துவிட்டன
இ) நீர் அளவுக்கு மீறிப் புகுந்து வேர்ச் செல்கள் வெடித்தன

வகுப்பில் கடல்நீர் பற்றி நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மாணவர் கடல்நீரை உயர்செறிவுக் கரைசல் என்று தாமே அடையாளம் கண்டு, நீர் எந்தப் பக்கம் போகும் என்று யோசித்தாக வேண்டும்.

இந்தக் கேள்வியின் ஆ) விடை எங்கிருந்து வந்தது என்பதுதான் மூன்றாவது வழிக்கு வாசல். உப்பு போய் அடைத்துக்கொள்ளும் என்று வகுப்பில் ஒரு பையன் சொன்னான். எழுத்துப்படியில் அவன் குரல் சரியாகப் பதியவில்லை. "இல்லப்பா, அடைக்கல, உப்பு வெளியேதான் நிக்குது" என்று நான் சொன்ன பதில் இருந்தது. பதிலிலிருந்து பின்னால் போய் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று எடுத்தேன்.

மூன்றாவது வழியில் எழுத்துப்படியை முதன்முறை படிக்கும்போது பாடத்தைப் படிக்கவே கூடாது. மாணவர் பேசும் இடம், நான் "இல்ல இல்ல" என்று மறுத்த இடம், ஒரே விஷயத்தை இரண்டாம் முறை வேறு வார்த்தையில் சொன்ன இடம், இந்த மூன்றையும் மட்டும் கோடு போட்டுக்கொண்டே போக வேண்டும். என் எழுத்துப்படியில் இப்படி ஒன்பது இடங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அந்த மாணவர் மனதில் இருந்த எண்ணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதினேன். "தண்ணீரில் போட்டால் எந்தச் செல்லும் வெடிக்கும்." "சமச் செறிவு என்றால் நீர் நகராது." "செல்சுவர் நீரை உள்ளே விடாது." இந்த வாக்கியங்கள்தான் தவறான விடைகளின் கச்சாப் பொருள்.

இதை முதல் வழியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். சிவப்பணு தூய நீரில் வெடிக்கும் என்று எழுத்துப்படியில் ஒரு வரி இருக்கிறது. வரிசை முறையில் அதிலிருந்து வந்த கேள்வி:

இரத்தச் சிவப்பணுவைத் தூய நீரில் இட்டால்
அ) வெடிக்கும் ஆ) சுருங்கும் இ) மாறாது ஈ) இரண்டாகப் பிரியும்

ஈ) விடையை யாரும் தொட மாட்டார்கள். நான்கு விடை வேண்டும் என்பதற்காக நான் இட்டு நிரப்பியது அது. அ) விடையைப் பாடத்தைக் கேட்ட எல்லோரும் குறிப்பார்கள், புரிந்தவர்களும் புரியாதவர்களும். அதே இடத்தில், இருபத்து மூன்றாவது நிமிடத்தில், ஒரு மாணவி, "அப்ப வெங்காயச் செல்லும் வெடிக்குமா மேம்?" என்று கேட்டிருக்கிறாள். மூன்றாவது வழியில் அவள் கேட்டதே கேள்வியாகிறது:

சிவப்பணுக்களும் வெங்காயத் தோலின் செல்களும் தனித்தனிக் கிண்ணங்களில் காய்ச்சி வடித்த நீரில் அரை மணி நேரம் வைக்கப்பட்டன. என்ன ஆகியிருக்கும்?

அ) சிவப்பணு வெடித்திருக்கும், வெங்காயச் செல்லும் வெடித்திருக்கும்
ஆ) சிவப்பணு வெடித்திருக்கும், வெங்காயச் செல் விறைத்திருக்கும்
இ) சிவப்பணு வெடித்திருக்கும், வெங்காயச் செல்லில் நீர் நுழைந்திருக்காது
ஈ) சிவப்பணு சுருங்கியிருக்கும்; வெங்காயச் செல்லும் சுருங்கியிருக்கும்

அ) குறித்தவர் செல்சுவரை மறந்தவர். இ) குறித்தவர் செல்சுவரை நினைவில் வைத்திருக்கிறார், ஆனால் அது நீரைத் தடுக்கும் சுவர் என்று நினைக்கிறார். உண்மையில் செல்சுவர் நீரைத் தாராளமாக உள்ளே விடும். செல் உப்பி வரும்போது அதை வெளியிலிருந்து தாங்கிப் பிடிப்பதுதான் அதன் வேலை. ஈ) குறித்தவருக்குத் திசையே குழம்பியிருக்கிறது. எந்த விடையைப் பார்த்தாலும் அந்த மாணவரிடம் அடுத்து என்ன பேச வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது. விடைகளின் நீளமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கிறது. சரியான விடையை மட்டும் விளக்கி விளக்கி நீளமாக எழுதிவிடுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். படிக்காத மாணவரும் நீளத்தைப் பார்த்து அதைக் குறித்துவிடுவார்.

இந்தக் கேள்வியை முதலில் எழுதியபோது "மைக்ராஸ்கோப்பில் என்ன தெரியும்?" என்று முடித்திருந்தேன். எங்கள் லேப்பைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் அதைப் படித்துவிட்டு, "வெடிச்ச செல்லு எங்க மேடம் தெரியப்போவுது? கலங்கலா இருந்த தண்ணி தெளிஞ்சு செவப்பா நிக்கும், அவ்வளவுதான்" என்றார். சொன்னது முற்றிலும் சரி. சிவப்பணு வெடித்து ஹீமோகுளோபின் வெளியே வந்த பிறகு, மிஞ்சும் வெறும் சவ்வு நம் சாதாரண மைக்ராஸ்கோப்பில் எளிதில் கண்ணில் படாது. கடைசி வரியை மாற்றினேன்.

எல்லாக் கேள்விக்கும் நான்கு விடை கிடைக்காது. "0.9% உப்புக் கரைசலில் சிவப்பணுவின் அளவு மாறாதது ஏன்?" என்ற கேள்விக்கு, நீர் இரு பக்கமும் சம அளவில் செல்கிறது என்பது சரியான விடை. நீர் நகர்வதே இல்லை என்பது ஒரு மாணவரின் எண்ணம். உப்பு உள்ளே போய்ச் சமமாகிவிடுகிறது என்பது இன்னொருவரின் எண்ணம். நான்காவதாக யாரும் எதையும் நினைக்கவில்லை, நானும் எழுதவில்லை. எண்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மைக்கேல் ராட்ரிகஸ் 2005-ல் மூன்று விடைகளே போதும் என்ற முடிவுக்குத்தான் வந்தார். பல்கலைக்கழகத் தேர்வின் வடிவம் நான்கு என்றால் அதற்குப் பழக வேண்டுமே என்று சிலர் கேட்பார்கள். பழக்கத்துக்கு என்று தனியாக ஒரு தேர்வு வைக்கலாம். வகுப்புத் தேர்வில் இட்டு நிரப்பிய நான்காவது விடை படிக்கும் நேரத்தைத்தான் தின்கிறது.

மூன்றாவது வழியின் குறையையும் மறைக்க வேண்டாம். வகுப்பு வாயே திறக்காத நாளில் எழுத்துப்படியில் இதற்கு ஒன்றும் கிடைக்காது. வாய் திறந்த நாளிலும் குழப்பம் சில தலைப்புகளில் குவியும், மற்றவை காலியாக இருக்கும். என்னுடைய ஒன்பதில் ஆறு, தாவரச் செல்லையும் திசையையும் பற்றியவை. அதை மட்டும் வைத்துத் தேர்வு நடத்தினால் பாதிப் பாடம் வெளியே நிற்கும், தாளும் கடினமாக இருக்கும்.

ஆகவே எதைத் தேர்ந்தெடுப்பது என்பது தேர்வின் அளவைப் பொறுத்தது. அடுத்த நாள் காலையில் பத்து நிமிடத் தேர்வு, எட்டுக் கேள்வி போதும் என்றால் மூன்றாவது வழி ஒன்றே போதும், கட்டம் வேண்டாம். மதிப்பெண் பதிவாகும் இருபது கேள்வித் தேர்வு என்றால் கட்டத்தைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் மூன்றாவது வழியில் நிரப்புவேன். எனக்கு இரண்டு மாலைகள் ஆகின்றன, அதற்குக் குறைந்து முடிந்ததில்லை. முதல் வழியைக் கேள்வி எழுதுவதற்கு இப்போது நான் பயன்படுத்துவதில்லை. சரிபார்க்கப் பயன்படுத்துகிறேன். எல்லாக் கேள்வியும் எழுதியபின் எழுத்துப்படியை வரிசையாகப் படித்து, ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் 23:40 என்பது போல நிமிடத்தைக் குறித்துக்கொள்வேன். நிமிடம் கிடைக்காத கேள்வி நான் நடத்தாத பாடத்தைக் கேட்கிறது. அது நீங்கும். கடல்நீர்க் கேள்விக்கு உதாரணம் இல்லை, ஆனால் அதற்குத் தேவையான விதிக்கு நிமிடம் உண்டு. அது நிற்கும்.

வரிசைப்படுத்தும்போது கவனிப்பது ஒன்றுதான். விடைகளை மறைத்துவிட்டு இருபது கேள்வி வாசகங்களை மட்டும் ஒரே மூச்சில் படிப்பேன். "0.9% உப்புக் கரைசலில் சிவப்பணுவின் அளவு மாறாதது ஏன்?" என்ற கேள்வியே, "சிவப்பணுவின் அளவு மாறாத கரைசல் எது?" என்ற இன்னொரு கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறது. இப்படி ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும் கேள்விகள் எப்போதும் இரண்டு மூன்று இருக்கும். ஒன்றை எடுத்துவிடுவேன். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் பாதிப் பேர் இருப்பதால், ஹைப்போடானிக் என்ற சொல்லோடு தாழ்செறிவு என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். சொல் தெரியாமல் ஒருவர் தவறவிட்டால் அந்தக் கேள்வி உயிரியலைச் சோதிக்கவில்லை.

தேர்வு முடிந்தபின் கேள்வி வேலை செய்ததா என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். 48 பேர் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். மொத்த மதிப்பெண்ணில் முதல் 27 விழுக்காடு 13 பேர், கடைசி 27 விழுக்காடும் 13 பேர். வெங்காயக் கேள்வியில் மேலே 11 பேரும் கீழே 5 பேரும் சரியாகக் குறித்தால், 11 கழித்தல் 5, அதை 13-ஆல் வகுத்தால் 0.46. 0.4-க்கு மேல் போனால் புரிந்தவரையும் புரியாதவரையும் நன்றாகப் பிரிக்கும் கேள்வி. 0.2-க்குக் கீழே வந்தால் மாற்றி எழுத வேண்டியது. கழித்தலில் எதிர்மறை எண் வந்தால், நன்றாகப் படித்தவர்களே ஏமாந்திருக்கிறார்கள் என்று பொருள். அப்போது முதலில் விடைக் குறிப்பைத்தான் பார்ப்பேன், நான் தவறாகக் குறித்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு தவறான விடையை 48 பேரில் இரண்டு பேருக்கு மேல் தொடவில்லை என்றால், அடுத்த முறை அந்த விடை வேண்டாம்.

என் கட்டத்தில் இன்னும் ஒரே ஒரு இடம் காலியாக இருக்கிறது. அக்வாபோரினுக்கான இரண்டில் ஒன்றை எழுதிவிட்டேன். மற்றதற்கு எழுத்துப்படியில் யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் எதையும் மறுக்கவில்லை. திங்கட்கிழமை வகுப்பு தொடங்கும்போது ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, "கொழுப்பாலான சவ்வைத் தாண்டி நீர் எப்படி உள்ளே போகிறது?" என்று பெயர் போடாமல் ஒரு வரி எழுதச் சொல்லப்போகிறேன். அதிகம் பேர் எழுதிய இரண்டு தவறான பதில்கள் அந்தக் கட்டத்துக்குப் போகும்.